தலைக்கவசம் வாங்குமுன் தலையை அளந்து பாருங்கள்

ஆறு மாதங்களுக்கு முன் தலைக்காயத்துடன் எங்கள் பிரிவில் அனுமதிக்கப்பட்டிருந்த ஒருவர் அண்மையில் மறுபரிசோதனைக்காக வந்திருந்தார். வயது 46. தையற்கடை வைத்திருப்பவர். இரவில் கடையை அடைத்துவிட்டு வீடு திரும்பும் வழியில் குறுக்கே நாய் ஓடிவர, வண்டி சறுக்கிக் கீழே விழுந்தவர். மண்டையோட்டின் உட்புறத்தில் சிறிய இரத்தக் கசிவு இருந்தது. அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. ஒன்பது நாள்கள் மருத்துவமனையில் இருந்து, படிப்படியாகத் தேறினார். வலிப்பு வரவில்லை, பார்வையும் நடையும் சீராக இருந்தன. அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இனி வண்டி ஓட்டலாமா, டாக்டர்?"

அவருடைய பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். அனுமதிக்கப்பட்ட நாளில் எழுதப்பட்ட ஒரு வரி கண்ணில் பட்டது. 'தலைக்கவசம் அணிந்திருந்தார், விபத்தில் கழன்றுவிட்டது' என்றிருந்தது. வார் மாட்டியிருந்தாரா என்று கேட்டேன். மாட்டியிருந்ததாக அவர் உறுதியாகச் சொன்னார். உடன் வந்திருந்த மனைவியும் அதையே சொன்னார். சாலையோரத்தில் கிடந்த தலைக்கவசத்தை எடுத்தபோது வார் பூட்டியபடியே இருந்ததாம். அடுத்த முறை வரும்போது அந்தத் தலைக்கவசத்தைக் கொண்டு வரும்படி கேட்டுக்கொண்டேன்.

மறுவாரம் கொண்டு வந்தார்கள். உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் 'எல்' என்ற அளவும், அதன் கீழே 600 என்ற எண்ணும் இருந்தன. அவரை நாற்காலியில் அமரவைத்து அதை அணிவித்து, வாரையும் வழக்கம் போல மாட்டச் சொன்னேன். பிறகு அவருடைய மனைவியை அவருக்குப் பின்னால் நிற்கச் செய்து, கவசத்தின் பின்விளிம்பைப் பிடித்து மெதுவாக மேல்நோக்கி முன்பக்கமாகத் தள்ளச் சொன்னேன். பெரிய முயற்சி எதுவுமின்றி, பூட்டிய வாருடன் கவசம் முன்புறமாகக் கழன்று அவர் மடியில் விழுந்தது. அந்த அம்மாள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

வார் தளர்வாக இருந்தது உண்மைதான். அதை இறுக்கி மீண்டும் சோதித்தோம். இம்முறை கவசம் கழலவில்லை. ஆனால் முன்னால் சாய்ந்து இறங்கி, அவருடைய கண்களை முழுவதுமாக மறைத்துவிட்டது. ஆகவே வார் மட்டும் காரணம் அன்று. கவசமே அவர் தலைக்குப் பெரிது. விபத்தன்று சரியாக என்ன நேர்ந்தது என்பதை இனி எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் தலைக்குப் பொருந்தாத கவசம் எவ்வளவு எளிதில் கழலும் என்பதை மூவரும் கண்ணெதிரே பார்த்தோம்.

"எதை வைத்து இந்த அளவை வாங்கினீர்கள்?" என்று கேட்டேன். "போட்டுப் பார்த்தேன், டாக்டர். இறுக்கமாக இல்லாமல் காற்றோட்டமாக இருந்தது" என்றார். நாள் முழுவதும் ஊராரின் மார்பையும் தோளையும் அளப்பவர், தம் தலையை ஒருமுறையும் அளந்ததில்லை.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளி

தலைக்கவசத்தின் வெளி ஓடு கடினமானது. அதன் உட்புறத்தில், நாம் தெர்மோகோல் என்று அழைக்கும் பொருளை ஒத்த தடித்த நுரை அடுக்கு ஒன்று உண்டு. அதற்கும் உள்ளே, நம் தலையைத் தொடுவது மென்மையான பஞ்சுத் துணி. விழும்போது தலையைக் காப்பதில் பெரும்பங்கு அந்த நுரை அடுக்குக்கு உரியது. மோதலின் வேகத்தை அது தான் நசுங்குவதன் மூலம் வாங்கிக்கொள்கிறது. அவ்வாறு வாங்கிக்கொள்ள வேண்டுமானால், மோதும் அந்தக் கணத்தில் அது தலையை ஒட்டி, இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். விபத்தில் தலை ஒருமுறைக்கு மேலும் மோதலாம். முதல் மோதலிலேயே கவசம் திரும்பிவிட்டாலோ கழன்றுவிட்டாலோ, அடுத்த மோதலுக்கு வெறுந்தலைதான் மிஞ்சும்.

ஓர் அளவு கூடினால் என்ன ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. பெரியவர்களுக்கான கவசங்களின் அளவுகள் பொதுவாக 2 செ.மீ. இடைவெளியில் அமைந்திருக்கும். இந்த 2 செ.மீ. என்பது சுற்றளவில் உள்ள வேறுபாடு. அதைத் தலையைச் சுற்றிப் பகிர்ந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் கிடைக்கும் இடைவெளி சுமார் 3 மி.மீ. மட்டுமே. கண்ணாடியில் பார்த்தால் இது தெரியாது. அணிந்து பார்த்தாலும் 'தளர்வு' என்று தோன்றாது. 'வசதி' என்றுதான் தோன்றும். ஆனால் அந்த 3 மி.மீ. போதும், கவசம் தலையின் மேல் திரும்பத் தொடங்குவதற்கு. கண்ணும் கையும் ஏமாறும் இடம் இது. ஆகவேதான் நாடா தேவைப்படுகிறது.

அளக்கும் முறை

தையற்காரர்கள் பயன்படுத்தும் இஞ்ச் டேப் போதுமானது. இரும்புத் தகட்டாலான அளவுநாடா தலையின் வளைவுக்கு இணங்காது. வீட்டில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் நாடாவாக இருந்தால், அது நீண்டுபோயிருக்கக் கூடும். பள்ளிப் பிள்ளைகளின் 30 செ.மீ. அளவுகோலின் மேல் வைத்து ஒருமுறை ஒத்துப்பாருங்கள். நாடாவே இல்லையென்றால், இழுத்தால் நீளாத நூற்கயிறு ஒன்றைச் சுற்றி, சந்திக்கும் இடத்தில் பேனாவால் குறியிட்டு, பின் அளவுகோலில் வைத்து அளக்கலாம். கம்பளி நூல் நீளும்; அது வேண்டாம்.

வண்டி ஓட்டும்போது தலைமுடி எப்படி இருக்குமோ அப்படியே வைத்துக்கொண்டு அளக்க வேண்டும். உயர்த்திப் போட்ட கொண்டையின் மேல் எந்தக் கவசமும் சரியாக உட்காராது. பெண்கள் முடியைப் பிடரிக்குக் கீழே இறங்கும்படி தாழ்வாகப் பின்னிக்கொள்வது நல்லது. பூவையும் கவசத்தின் விளிம்புக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம். கிளிப், ஊசி ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். அவை அளவைக் கூட்டுவது மட்டுமன்றி, மோதும்போது தலைத்தோலிலும் குத்தக்கூடும். கவசத்தின் அடியில் பருத்திக் குல்லாய் அணிவது அல்லது கைக்குட்டை கட்டுவது உங்கள் வழக்கமானால், அதை அணிந்தபடியே அளந்துகொள்ளுங்கள்.

இனி நாடாவைச் சுற்றும் முறை. முன்பக்கத்தில், புருவங்களுக்கு மேல் ஒரு விரல் அகலம், அதாவது சுமார் 2 செ.மீ. உயரத்தில் நாடா அமைய வேண்டும். பக்கங்களில் அது காதுகளுக்குச் சற்று மேலே செல்ல வேண்டும். காதுமடலை அதில் சேர்க்கக் கூடாது. பின்பக்கத்தில், தலை மிக அதிகமாகப் புடைத்து நிற்கும் இடத்தின் மேல் செல்ல வேண்டும். பலர் தவறுவது இந்தக் கடைசி இடத்தில்தான். நாடா பிடரியை நோக்கி வழுக்கி இறங்கிவிடும்; தமக்குத் தாமே அளப்பவருக்கு அது தெரியாது. எனவே மற்றொருவரை அளக்கச் சொல்வது நலம். அவர் பக்கவாட்டில் நின்று பார்த்து, நாடா முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். பின்பக்கத்தில் நாடாவைச் சிறிது மேலும் கீழும் நகர்த்தி, மிகப் பெரிய அளவு எங்கே கிடைக்கிறது என்று காண வேண்டும்.

நாடா தலையை ஒட்டி இருக்க வேண்டும். தோலில் பதியும் அளவுக்கு இறுக்கவும் கூடாது. மூன்று முறை அளந்து, அவற்றுள் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் அரை செ.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும். அதற்கு மேல் வேறுபட்டால், ஒரு முறையேனும் நாடா வழுக்கியிருக்கிறது என்று பொருள். மீண்டும் முதலிலிருந்து அளக்க வேண்டும்.

நம் தையற்காரரிடமே நாடாவைக் கொடுத்து, அவர் தலையை அவரையே அளக்கச் சொன்னேன். சட்டைப்பையில் இருந்த தம் சொந்த நாடாவை எடுத்து ஒரு நொடியில் அளந்துவிட்டு, "23 இஞ்ச்" என்றார். அதாவது 58.4 செ.மீ. அவருடைய கையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். தொழில் வழக்கப்படி நாடாவின் அடியில் ஒரு விரலை நுழைத்து, 'லூஸ்' விட்டே அளந்திருந்தார். சட்டைக்கு அது சரி. தலையில், நாடாவுக்கு அடியில் நுழையும் ஒரு விரல் ஏறக்குறைய 1 செ.மீ. அளவைக் கூட்டிவிடும். அத்துடன் பின்பக்கத்தில் நாடா வழுக்கி இறங்கி, பிடரியில் திரண்டிருந்த முடியின் மேல் கிடந்தது.

அவர் மனைவியிடம் நாடாவைக் கொடுத்து, மேலே கூறிய முறையில் அளக்கச் சொன்னேன். மூன்று முறை அளந்தார். முதல் இரண்டு முறையும் 22 கால் இஞ்ச். மூன்றாம் முறை அதைவிடச் சிறிதே குறைவு. பெரிய எண்ணை எடுத்துக்கொண்டோம். அதை செ.மீ. ஆக்க 2.54 ஆல் பெருக்க வேண்டும்: 22.25 இஞ்ச் என்பது 56.5 செ.மீ. அவர் அணிந்திருந்ததோ 60 செ.மீ. தலைக்கு உரிய கவசம். வேறுபாடு மூன்றரை செ.மீ.; தலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் அரை செ.மீ.க்கு மேற்பட்ட இடைவெளி. தையற்காரர் தம் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "இத்தனை நாள் வேறொருவர் தலைக்கு உரியதைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்" என்றார்.

எழுத்தைப் பார்க்க வேண்டாம், எண்ணைப் பாருங்கள்

கடையில் பெரும்பாலோர் 'எம்' வேண்டும், 'எல்' வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். இந்த எழுத்துகள் எல்லாத் தயாரிப்பாளர்களிடமும் ஒரே அளவைக் குறிப்பதில்லை. ஒருவருடைய 'எம்' மற்றொருவருடைய 'எம்'மைவிட ஒரு செ.மீ. வேறுபடலாம். நம்பத்தக்கது, கவசத்தின் உட்புறத்திலோ பெட்டியின் மேலோ அச்சிடப்பட்டிருக்கும் எண். அது 560, 580, 600 என்று இருந்தால், மி.மீ. கணக்கு, கடைசிச் சுழியத்தை நீக்கினால் செ.மீ. கிடைத்துவிடும். சில கவசங்களில் 57–58 என்று நேரடியாக செ.மீ. கணக்கிலேயே இருக்கும். அந்த எண் உங்கள் தலையின் சுற்றளவைக் குறிக்கிறது. கவசத்தின் வெளிச் சுற்றளவை அன்று. இருசக்கர வாகனக் கவசத்தில் ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அளவு இரண்டு எண்களுக்கு நடுவே விழுந்தால் என்ன செய்வது? முதலில் சிறியதை அணிந்து பாருங்கள். புதிய கவசத்தின் உட்பஞ்சு சில வாரங்களில் சற்றே அமுங்கி இடம் விடும். ஆகவே வாங்கும் நாளில் அது தலையைச் சுற்றிச் சீராகப் பிடிப்பாக இருக்க வேண்டும். வாங்கும் நாளிலேயே 'காற்றோட்டமாக' இருக்கும் கவசம், ஓர் ஆண்டில் தலையில் ஆடத் தொடங்கிவிடும். சிறியது எவ்விடத்திலேனும் வலி தந்தால் மட்டும் அடுத்த அளவுக்கோ வேறு வடிவத்துக்கோ செல்லுங்கள்.

நாடா சொல்லாதவை

நாடா சொல்வது சுற்றளவை மட்டுமே. தலையின் வடிவத்தை அது சொல்வதில்லை. ஒரே 57 செ.மீ. சுற்றளவு உடைய இருவரில் ஒருவருக்குத் தலை முன்பின்னாக நீண்டிருக்கலாம். மற்றவருக்கு உருண்டையாக இருக்கலாம். ஆகவே நாடாவின் எண், கடையில் எந்தப் பெட்டியை முதலில் திறப்பது என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. வாங்குவதா வேண்டாமா என்பதைப் பின்வரும் சோதனைகள் தீர்மானிக்கட்டும்.

கவசத்தை அணிந்தபின், அதன் முன்விளிம்பு புருவத்துக்கு ஒன்று அல்லது இரண்டு விரல் அகலம் மேலே இருக்க வேண்டும். தாடையின் கீழ் வாரைப் பூட்டுங்கள். வாருக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல், நுழைய வேண்டும். இப்போது இரு கைகளாலும் கவசத்தைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்புங்கள். நெற்றித்தோலும் கன்னத்தோலும் கவசத்துடன் சேர்ந்து நகர வேண்டும். தோல் அசையாமல் நிற்க, கவசம் மட்டும் அதன்மேல் வழுக்கித் திரும்பினால், அது உங்களுக்குப் பெரிது.

அடுத்தது, எங்கள் அறையில் நாங்கள் செய்த சோதனை. வாரைப் பூட்டிய நிலையில், மற்றொருவர் பின்னால் நின்று பின்விளிம்பை மேலும் முன்னுமாக மெதுவாகத் தள்ளட்டும். கவசம் கழலவும் கூடாது, கண்ணை மறைக்கும் அளவுக்கு இறங்கவும் கூடாது. கழுத்துவலி உள்ளவர்களும் கழுத்தில் சிகிச்சை பெற்றவர்களும் இந்தச் சோதனையைத் தாமாகச் செய்து பார்க்க வேண்டாம். மருத்துவரைக் கேட்டபின் செய்யட்டும்.

கடைசியாக, கவசத்தைக் கடையிலேயே பத்து நிமிடம் அணிந்திருங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதையும் அணிந்துகொள்ளுங்கள். கழற்றியபின் கண்ணாடி முன் நின்று நெற்றியைப் பாருங்கள். நெற்றி முழுவதும் மெல்லிய, சீரான தடம் இருந்தால் நல்லது. நெற்றியின் நடுவில் மட்டும் சிவந்த தடம் பதிந்து வலித்தால், உங்கள் தலை அந்தக் கவசத்தின் உள்வடிவத்தைவிட நீளமானது. இரு பொட்டுகளில் மட்டும் அழுத்தினால், உங்கள் தலை அதைவிட உருண்டையானது. இவ்விரு நிலைகளிலும் பெரிய எண்ணுக்குத் தாவ வேண்டாம். அதே எண்ணில் வேறு வடிவக் கவசத்தைக் கேளுங்கள். பெரிய எண்ணுக்குத் தாவினால் வலி போய்விடும். ஆனால் வேறு பக்கத்தில் தளர்வு வந்துவிடும்.

எங்கள் தையற்காரருக்கும் இதுவே நேர்ந்தது. 56.5 என்ற எண்ணைச் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குச் சென்றிருக்கிறார். முதலில் அணிந்த 560 எண் கவசம் பத்து நிமிடத்தில் நெற்றியின் நடுவே சிவந்த தடத்தை உண்டாக்கியது. கடைக்காரர் உடனே 580 எடுத்துக் கொடுத்தார். வலி இல்லை, ஆனால் திருப்பிப் பார்த்தபோது நெற்றித்தோல் அசையாமல் கவசம் மட்டும் திரும்பியது. மனைவி விடவில்லை. அதே 560 எண்ணில் வேறு மாதிரி ஒன்றைக் கேட்டு வாங்கி அணிவித்திருக்கிறார். அது பொருந்தியது.

பழைய கவசத்தை என்ன செய்வது என்றும் கேட்டார். விபத்தில் மோதிய கவசத்தின் நுரை அடுக்கு ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். உள்ளே அது தன் வேலையை முடித்துவிட்டிருக்கும். அதை வேறு எவருக்கும் கொடுக்காமல், வாரை அறுத்துவிட்டு அப்புறப்படுத்தச் சொன்னேன்.

குழந்தைகளுக்கு 'வளர்ந்தாலும் ஆகும்' என்று வாங்க வேண்டாம்

பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கும்போது ஓர் அளவு பெரிதாக வாங்குவது நம் வீடுகளின் வழக்கம். அதே எண்ணத்தில் கவசத்தையும் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். ஆனால் தலை, உடலைப் போல வளர்வதில்லை. பிறக்கும்போது குழந்தையின் தலைச்சுற்றளவு சுமார் 35 செ.மீ. முதல் ஆண்டிலேயே அது 45 செ.மீ.யைத் தொட்டுவிடுகிறது. மூளையின் வளர்ச்சி அத்துணை விரைவானது. குழந்தை மருத்துவர் ஒவ்வொரு முறையும் நாடாவால் தலையை அளந்து குறித்துக்கொள்வது இதனால்தான். ஐந்து வயதில் சுற்றளவு 50 செ.மீ.யை நெருங்குகிறது அல்லது சற்றே கடக்கிறது. அதன் பிறகு முழு வளர்ச்சி அடையும்வரை கூடுவது ஏறத்தாழ 4 முதல் 6 செ.மீ. மட்டுமே.

எனவே பள்ளி செல்லும் பிள்ளையின் தலை ஓராண்டில் ஓர் அளவு கூடும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. பெரிதாக வாங்கிய கவசம் பல ஆண்டுகள் தளர்வாகவே இருக்கும். பொருந்தத் தொடங்கும் நாளில் அது பழையதாகிவிட்டிருக்கும். பிள்ளையின் இன்றைய தலையை அளந்து, இன்றைய அளவை வாங்குங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், மற்றப் பிள்ளைகளுக்குப் பிறந்த நாள்தோறும் அளந்து, சுவரில் உயரம் குறிக்கும் இடத்திலேயே அதையும் குறித்து வையுங்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், இருசக்கர வாகனத்தில் அழைத்துச் செல்லப்படும் 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைகள் தம் தலைக்குப் பொருந்தும் கவசம் அணிய வேண்டும் என்று கூறுகிறது. 'பொருந்தும்' என்ற சொல் விதியிலேயே இருக்கிறது. தந்தையின் கவசத்தை மகள் தலையில் கவிழ்ப்பது விதியையும் நிறைவேற்றாது, அவளையும் காக்காது. கைக்குழந்தையின் கழுத்துத் தசைகளுக்கோ கவசத்தின் எடையைத் தாங்கும் வலிமை இல்லை. அவ்வயதுக் குழந்தையை இருசக்கர வாகனத்தில் அழைத்துச் செல்லாதிருப்பதே நல்லது.

தலையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு

இந்த இதழைப் படிப்பவர்களுள் தலையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு மேலே கூறியவை அப்படியே பொருந்தா.

அறுவைச் சிகிச்சைக்காக முடி மழிக்கப்பட்டவர்களுக்குத் தலைச்சுற்றளவு முன்னிருந்ததைவிடக் குறைந்திருக்கும். முடி அடர்த்தியாக இருந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மருத்துவர் வண்டி ஓட்ட அனுமதித்தபின், பழைய கவசத்தை அப்படியே எடுத்து அணிந்துகொள்ளாமல், மீண்டும் அளந்து, மீண்டும் சோதித்துப் பாருங்கள். தழும்பின் மேல் கவசத்தின் விளிம்போ தையலோ உரசுகிறதா என்றும் பாருங்கள்.

மூளை வீக்கத்தின் காரணமாக மண்டையோட்டின் ஒரு பகுதி எடுக்கப்பட்டு, இன்னும் திரும்பப் பொருத்தப்படாதவர்கள் நாடாவால் அளந்து கடையில் கவசம் வாங்கக் கூடாது. எலும்பு இல்லாத அந்த இடம் ஒருநாள் புடைத்தும் ஒருநாள் உள்வாங்கியும் இருக்கலாம். ஆகவே எந்த ஒரு நாளின் அளவும் நிலையானதன்று. கடையில் விற்கும் கவசம் அந்த இடத்தின் மேல் அழுத்தினால் தீங்கு நேரும். வீட்டில் நடமாடும்போது அணிவதற்கான பாதுகாப்புக் கவசத்தை, அந்த இடத்தைத் தொடாதவாறு அமைத்துத் தர வேண்டியிருக்கும். மறுவாழ்வுப் பிரிவில் கேளுங்கள். மூளைநீரை வடிக்கும் குழாய் பொருத்தப்பட்டவர்களும், தோலின் கீழ் இருக்கும் வால்வின் மேல் கவசம் அழுத்துகிறதா என்பதை எங்களிடம் காட்டிய பின்னரே அணிய வேண்டும்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி உதிர்ந்தவர்கள் வெயிலுக்கும் குளிருக்கும் தொப்பி வாங்க விரும்புவதுண்டு. அவர்களும் இதே இடங்களின் மேல் நாடாவைச் சுற்றி அளக்கலாம். முடி உதிர்ந்த பிறகு அளக்க வேண்டும் என்பது ஒன்று. மற்றொன்று, கவசத்துக்குக் கூடாது என்று நான் சொன்ன அந்த ஒரு விரல் இடைவெளி தொப்பிக்குத் தேவை. அளந்த எண்ணுடன் 1 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். சிகிச்சைக் காலத்தில் தலைத்தோல் எளிதில் புண்ணாகும். தொப்பி அதைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும், அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை. உட்புறத் தையல் முடிச்சு தோலில் படாத மென்மையான பருத்தித் தொப்பியாகப் பார்த்து வாங்குங்கள்.

என் தலை

தையற்காரரும் மனைவியும் சென்ற அன்று மாலை, என் வண்டியில் தொங்கிய கவசத்தை எடுத்து உள்ளே பார்த்தேன். 600. பல ஆண்டுகளாகத் தலைக்காயங்களுக்குச் சிகிச்சை அளித்துவரும் நானும் என் தலையை அளந்ததில்லை. செவிலியர் ஒருவரை அளக்கச் சொன்னேன். மூன்று முறையும் 58-க்குச் சற்று உள்ளேயே வந்தது. பின்னால் நின்று தள்ளச் சொன்னபோது கவசம் என் கண்களின் மேல் இறங்கி நின்றது. அன்று வண்டியை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வீடு சென்றேன். மறுநாள் 580 வாங்கினேன்.

எங்கள் புறநோயாளிகள் அறையின் மேசையில் இப்போது ஒரு நாடா எப்போதும் இருக்கிறது. அது அந்தத் தையற்காரர் கொடுத்தது. மறுபரிசோதனைக்கு வரும்போது உங்கள் தலைக்கவசத்தையும் எடுத்து வாருங்கள். உங்களுடன் பின்னிருக்கையில் வருபவருடையதையும் கொண்டு வாருங்கள். அளந்து, அணிவித்து, பின்னால் நின்று தள்ளிப் பார்த்துவிடலாம். அதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.